மழைச் சரக்கு: எப்போது எடுப்பது, எவ்வளவு எடுப்பது, மீதி மாதங்களில் எதை விற்பது

கேள்வி: தாம்பரத்தில் குடை, ரெயின்கோட் கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுத்து வைத்தால் மழை வருவதில்லை, மழை வந்தால் கேட்ட சைஸ் இருப்பதில்லை. எந்த மாதம் எவ்வளவு எடுப்பது? மழை இல்லாத மாதங்களில் எதை வைத்து ஓட்டுவது?

பதில்: சென்னைப் பக்கத்து மழையின் குணத்தை முதலில் பார்த்துவிடலாம். சரக்குக் கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். மாநிலச் சராசரியில் அக்டோபரும் நவம்பரும் கிட்டத்தட்டச் சமம். டிசம்பரில் அதில் பாதி. ஆனால் இந்த மழை கேரளத்துத் தென்மேற்குப் பருவமழை மாதிரி தினமும் தூறிக்கொண்டிருப்பதில்லை. வங்கக்கடலில் ஒரு தாழ்வுநிலை உருவானால் மூன்று நாள், ஐந்து நாள் கொட்டும். பிறகு பத்து நாள் வெயில் அடிக்கும். ஒரு பருவத்தில் இப்படி நான்கைந்து சுற்று வரலாம், இரண்டோடு நின்றும் போகலாம்.

அதனால் பருவத்தின் மொத்த மழையளவைப் பார்த்து விற்பனையைக் கணக்கிட்டால் ஏமாற்றம்தான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதிதான் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. அந்தக் காற்றில் குடை பிடிக்க முடியாது, கடை திறக்கவும் முடியாது. 2015 டிசம்பர் தொடக்கத்திலும், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போதும் மழைக்குக் குறைவில்லை. ஆனால் ஊரே முடங்கிக் கிடந்தால் வியாபாரம் எங்கிருந்து வரும்? குடையும் கோட்டும் விற்பது மக்கள் நடமாட்டம் உள்ள மழையில்: காலை ஏழு முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் ஒன்பது வரை, அதுவும் சில நாள் வறண்டிருந்த பிறகு வரும் மழையில். பள்ளிக்கு விடுமுறை அறிவித்துவிட்டால் சிறுவர் கோட் விற்பனை அன்றைக்கு நின்றுவிடும்.

பெய்த மழையைவிட எச்சரிக்கை நன்றாக விற்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 16-ஆம் தேதிக்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. அன்று அஞ்சிய அளவுக்குப் பெய்யவில்லை. ஆனால் முந்தைய நாளே நகரத்தில் பாலங்களின்மேல் கார்களை நிறுத்தும் அளவுக்கு மக்கள் தயாராகிவிட்டார்கள். அப்படித் தயாராகும் நாளில்தான் கோட்டும் தார்ப்பாயும் வாங்குகிறார்கள். எச்சரிக்கை வந்த பிறகு பாரிமுனைக்கு ஆள் அனுப்பினால் அந்த நாளைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

அடுத்து, எல்லா மழைச் சரக்கும் ஒரே மாதிரி விற்பதில்லை. இருசக்கர வாகனக்காரர் வாங்கும் சட்டை, பேன்ட் சேர்ந்த ரெயின்கோட் செட் முதல் சுற்று மழையில் குவியலாக விற்கும். வாங்கியவர் அந்த வருடம் மறுபடி வரமாட்டார். ஆகவே இரண்டாவது, மூன்றாவது சுற்றில் விற்பனை படிப்படியாக இறங்கும். குடை அப்படியல்ல. அதைப் பேருந்தில் மறந்துவிடுவார்கள், கம்பி உடையும், காற்றில் திரும்பிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் புது ஆள் வருவார், பழைய ஆளும் வருவார். உங்கள் பழைய பில்களை எடுத்து மழை நாள்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். பருவத்தின் முதல் பத்து மழை நாள்களில் கோட் செட்டில் எத்தனை பங்கு போனது, குடையில் எத்தனை பங்கு போனது என்று கூட்டினால் இந்த வேறுபாடு கண்ணில் படும். கோட்டில் அது பாதியை நெருங்குவது சாதாரணம். கடை இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறும் என்பதால் என் சொல்லைவிட உங்கள் பில்லை நம்புங்கள்.

பில்லில் ஒரு குறை உண்டு. விற்றது மட்டும்தான் அதில் இருக்கும். கேட்டு இல்லாமல் திரும்பிப் போனவர் இருக்கமாட்டார். போன வருடம் 140 செட் விற்றோம், இந்த வருடமும் 140 போதும் என்று முடிவெடுப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் பிழை. நவம்பர் முதல் வாரத்திலேயே எக்ஸ்எல் தீர்ந்திருந்தால் உண்மையான தேவை 180 ஆகக்கூட இருந்திருக்கலாம். அதற்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு போதும். தேதி, கேட்ட பொருள், சைஸ், அவர் வேறு எதையாவது வாங்கினாரா, வெறும் கையோடு போனாரா என்று ஒரு வரி எழுதினால் போதும். கூட்டத்தில் எழுத நேரமிருக்காது. ஒரு கோடு கிழித்து வைத்தாலும் இரவில் கூட்டிக்கொள்ளலாம். விற்றதோடு இந்தக் கோடுகளையும் சேர்த்தால்தான் அது தேவை.

இனி அளவுக்கு வருவோம். ஒரு பொருள் தீர்ந்துபோனால் எவ்வளவு இழப்பு, மிஞ்சிப்போனால் எவ்வளவு இழப்பு என்ற இரண்டு எண்கள் ஒவ்வொரு பொருளுக்கும் வேண்டும். கீழே தருபவை கணக்கின் வழியைக் காட்ட வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் கொள்முதல் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை செய்துபாருங்கள்.

கோட் செட் ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கி 950-க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். தீர்ந்துபோனால் இழப்பு 300. மிஞ்சினால் அடுத்த அக்டோபர் வரை பத்து மாதம் பணம் முடங்கும். மாதம் ஒன்றரை சதவீத வட்டியில் அது ஏறக்குறைய 100 ரூபாய். பழைய சரக்கு என்பதால் அடுத்த வருடம் 950-க்குப் பதில் 850-க்குத்தான் போகும். ஆக மிஞ்சியதால் இழப்பு 200. இப்போது 300-ஐ, 300-ம் 200-ம் சேர்ந்த 500-ஆல் வகுத்தால் 0.6 வருகிறது. பத்துப் பருவங்களில் ஆறில் போதுமானதாக இருக்கும் அளவுக்குச் சரக்கு வையுங்கள், மீதி நான்கில் தீர்ந்துபோனால் போகட்டும் என்பதுதான் இதன் பொருள்.

கார்ட்டூன் படம் போட்ட சிறுவர் கோட் 350-க்கு வாங்கி 520-க்கு விற்றால் இலாபம் 170. மிஞ்சினால் அடுத்த வருடம் அந்தப் படத்துக்கு மவுசு போயிருக்கும். 250-க்குத் தள்ளவேண்டி வரும். அதில் 100 ரூபாய் நட்டம், வட்டி 50, ஆக 150. 170-ஐ 320-ஆல் வகுத்தால் 0.53. பாதிப் பருவங்களுக்குப் போதுமான சரக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய பொருள் இது. படம் போடாத ஒற்றை நிற சிறுவர் கோட்டில் இந்த விகிதம் கூடும், ஏனென்றால் அது பழசாவதில்லை.

உள்பக்கம் வெள்ளிப் பூச்சுள்ள த்ரீஃபோல்டு குடையைப் பாருங்கள். 230-க்கு வாங்கி 350-க்கு விற்கிறது, இலாபம் 120. டிசம்பரில் மிஞ்சியது மார்ச்சில் வெயில் குடையாக அதே விலைக்கு விற்கும். மூன்று மாத வட்டி 10 ரூபாய், தூசி தட்டி எடுத்து வைக்கும் செலவு இன்னொரு 10. 120-ஐ 140-ஆல் வகுத்தால் 0.86. இந்தக் குடையைத் தாராளமாக எடுக்கலாம். பலர் செய்வது நேர்மாறு: குடையில் கையைக் கட்டிக்கொண்டு, இலாபம் ரூபாயில் பெரிதாகத் தெரியும் கோட்டில் பணத்தைக் கொட்டுகிறார்கள். இரண்டு பருவத்திலும் விற்கும் பொருளில் ஆழமாகவும் ஒரே பருவத்தில் விற்கும் பொருளில் அளவாகவும் இறங்கவேண்டும் என்றுதான் இந்த விகிதம் சொல்கிறது.

விகிதத்தை எண்ணிக்கையாக மாற்றுவது சுலபம். கடந்த ஐந்து பருவங்களின் தேவையை, விற்றதும் நோட்டுக் கோடுகளும் சேர்த்து, சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். கோட் செட்டுக்கு 90, 130, 150, 170, 240 என்று இருக்கிறது என்று கொள்வோம். ஐந்தில் மூன்று பருவங்களுக்குப் போதுமான அளவு 150. அதுதான் 0.6-க்குப் பொருந்தும் எண். குடைக்கு 400, 520, 600, 650, 900 என்றிருந்தால் 0.86 என்பது நான்காவது எண்ணுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே விழும், ஏறக்குறைய 725. கடையில் ஏற்கெனவே இருக்கும் நல்ல சரக்கை இதிலிருந்து கழித்துவிடுங்கள். ஐந்து பருவம் என்பது மெலிந்த ஆதாரம்தான், ஒரே ஒரு வெள்ள ஆண்டு அதை இழுத்துவிடும். ஆகவே 150 என்றால் 130-க்கும் 170-க்கும் இடையே எங்கோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு இதுவரை வைத்திருக்கவில்லை என்றால், சரக்கு தீர்ந்த வருடங்களின் விற்பனையை அப்படியே எழுதாமல் ஓரளவு ஏற்றி எழுதுங்கள்.

இந்த 150-ஐ ஒரே தடவையில் வாங்க வேண்டியதில்லை. 30 செட் பழைய கையிருப்பு என்றால் வாங்க வேண்டியது 120. அதில் 70 செப்டம்பர் 20-க்குள் கடைக்கு வந்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டி வரும். ஆனாலும் சென்னையில் ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடிமழை நன்றாகவே பெய்யும். பருவம் தொடங்குமுன்பே முதல் விற்பனை அதில் வந்துவிடும். மீதி 50-ஐ மொத்த வியாபாரியிடமே உங்கள் பெயரில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். நான்கில் ஒரு பங்கு அட்வான்ஸ் கொடுத்து, நவம்பர் 20 வரை கெடு கேட்டு, சைஸை எடுக்கும்போது சொல்கிறேன் என்று பேசுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பேசினால் இதற்கு ஒத்துக்கொள்ளும் வியாபாரி கிடைப்பார்; அக்டோபரில் கேட்டால் யாரும் காதுகொடுக்கமாட்டார்.

இதற்காக அவர் செட்டுக்கு 30 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். 50 செட்டுக்கு 1,500 ரூபாய் கூடுதல் செலவு, அதுவும் எடுத்தால்தான். மழை பொய்த்து அந்த 50-ம் உங்கள் கடையில் மிஞ்சியிருந்தால் மேலே போட்ட கணக்குப்படி இழப்பு 10,000. எடுக்காமல் விட்டால் அட்வான்ஸ் போகுமா, அடுத்த கொள்முதலில் கழியுமா என்பதை மட்டும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு எப்போதும் அந்த இடத்தில்தான் வரும்.

ஒதுக்கிய சரக்கை எப்போது வரவழைப்பது? வானிலை அறிக்கையைப் பார்த்து அல்ல, அலமாரியைப் பார்த்து. எந்த சைஸிலும் கையிருப்பு, ஒரு மழைச் சுற்றில் விற்கும் எண்ணிக்கைக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே போன் செய்யுங்கள். ஒரு சுற்றில் எக்ஸ்எல் 12 போகும் என்றால், 12-க்குக் கீழே வந்த நாள்தான் ஆர்டர் நாள், வெளியே வெயில் அடித்தாலும் சரி. அந்த வெயில் நாள்கள்தான் சரக்கு வந்து சேரும் நாள்கள்.

வானிலை அறிக்கை நாளைத் தள்ளவோ முன்னிழுக்கவோ உதவும், அளவைத் தீர்மானிக்க உதவாது. இந்திய வானிலை ஆய்வுத்துறை பருவம் தொடங்கும் வேளையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான முன்னறிவிப்பு தருகிறது. வியாழக்கிழமைதோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான பார்வையும் வருகிறது. நான்கு வாரப் பார்வையில் முதல் இரண்டு வாரம் ஓரளவு கைகொடுக்கும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதும், அது குளிரும் லா நினா ஆண்டுகளில் மெலிவதும் பொதுவான போக்கு. 2015 எல் நினோவில் கொட்டியதும் 2016-ல் பொய்த்ததும் அந்தப் போக்கோடு ஒத்துப்போகின்றன. ஆனால் 2021 லா நினா ஆண்டு. அந்த நவம்பரில் சென்னை மூழ்கியது. ஆகவே எல் நினோவை நம்பி 150-ஐ 250 ஆக்காதீர்கள். முதல் லாட்டைச் சில நாள் முன்னால் வரவழைக்க அது போதுமான காரணம். அளவைக் கூட்டப் போதுமான காரணமல்ல.

வானிலையைவிட உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: தீபாவளி. அதற்கு முந்தைய இரண்டு வாரம் பார்சல் லாரிகள் துணியும் பட்டாசும் ஏற்றி நிரம்பிவிடும். வழக்கமாக இரண்டு நாளில் வரும் மூட்டைக்கு ஐந்தாறு நாள் ஆகும். தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. நவம்பரில் தீபாவளி வரும் வருடம் முதல் சுற்று மழையும் லாரி நெரிசலும் ஒன்றாக வரும். அந்த வருடங்களில் முதல் லாட்டை 70-க்குப் பதில் 85 ஆக வைத்து, ஒதுக்கீட்டை அதற்கேற்பக் குறைப்பது நல்லது.

நிறுத்தும் நாளையும் முன்பே குறித்துவிடுங்கள். நவம்பர் 20-க்குப் பிறகு கோட் செட் புதிதாக வாங்குவதில்லை என்று நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அதற்குள் வாங்க வேண்டியவர் பெரும்பாலும் வாங்கியிருப்பார் என்பதுதான். டிசம்பரில் புயலோ பெருமழையோ வந்தால்? வரலாம், 2015, 2016, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வந்தது. அதற்குக் குடையும், பாலித்தீன் அவசரக் கோட்டும், தார்ப்பாயும் போதும். கோட் செட்டுக்குத் தனியாகப் பணம் போட வேண்டாம். டிசம்பர் 15 தாண்டியதும் கார்ட்டூன் கோட், சைஸ் உடைந்த செட் இவற்றை அசல் விலைக்கே தள்ளிவிடுங்கள். ஜனவரியில் 350 ரூபாயாகக் கையில் வரும் கோட், அடுத்த அக்டோபரில் 250-க்கு விற்கும் கோட்டைவிட மேல்.

சைஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. ரெயின்கோட்டை உடைக்கு மேல் போடுகிறார்கள், பலர் முதுகில் பையோடும் போடுகிறார்கள். அதனால் சட்டை எல் போடுபவர் கோட்டில் எக்ஸ்எல் கேட்பார். மொத்த வியாபாரி கட்டித் தரும் பண்டலில் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் சமமாக இருந்தால் எம் மட்டும் வருடாவருடம் உங்கள் பரணில் சேரும். எட்டு செட்டுக்கு எம் ஒன்று, எல் இரண்டு, எக்ஸ்எல் மூன்று, டபுள் எக்ஸ்எல் இரண்டு என்று தொடங்கி, நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கடைக்கு அருகில் கல்லூரி இருந்தால் எம் கூடுதலாகப் போகும்.

மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு வைக்கும்போது எது தாங்கும், எது தாங்காது என்பதில் தெளிவு வேண்டும். துணியின் உள்பக்கம் பாலியூரிதேன் பூச்சுள்ள கோட் நம் ஊர் ஈரப்பதத்தில் மெல்லச் சிதையும். தொட்டால் பிசுபிசுக்கும், பிறகு தோல் போல உரியும். அந்த நிலைக்கு வந்ததை மீட்க வழியில்லை. பிவிசி கோட்டை இறுக்கி மடித்து, மேலே கனம் ஏற்றி, தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடர்ந்த நிறம் வெளிர் நிறத்தில் ஏறிவிடும். ஜனவரியில், காற்றில் ஈரம் குறைந்த நாள்களில், ஒவ்வொன்றையும் பிரித்து நிழலில் ஒரு நாள் தொங்கவிடுங்கள். பிறகு தளர்வாக மடித்து, நிறம் பிரித்து, தரையிலிருந்து அரையடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுவது நல்லதுதான், ஆனால் பெட்டியை டேப் போட்டு மூடினால்தான் அதற்குப் பலன். திறந்த பெட்டியில் இரண்டே நாளில் அது ஈரம் குடித்துத் தீர்ந்துவிடும். பெட்டியின்மேல் வாங்கிய மாதத்தை எழுதி, பழையதை முதலில் விற்றுவிடுங்கள். இரண்டு மழைக்காலம் விற்காமல் இருந்த கோட்டை மூன்றாவதாக வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

குடையில் துணியைவிடக் கம்பியும் பட்டன் ஸ்பிரிங்கும்தான் முதலில் போகும். துருப்பிடித்த கம்பி துணியில் பழுப்புக் கறையாகத் தெரியும். பத்துக்கு ஒன்று வீதம் எடுத்து விரித்துப் பார்த்தால் லாட்டின் நிலை தெரிந்துவிடும். வெள்ளிப் பூச்சுள்ள குடையில் மடிப்புக் கோடுகளைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். அந்த மடிப்புகளில் பூச்சு வெடித்திருந்தால் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். அதை வெயில் குடையாக மட்டும் விற்கலாம், வாங்குபவரிடம் சொல்லிவிட்டு.

மழையில்லாத மாதங்களுக்குப் பொருள் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் ஒன்றுதான்: போட்ட பணம் ஜூலை கடைசிக்குள் கையில் திரும்பிவிட வேண்டும். ஆகஸ்டில் மழைச் சரக்குக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது அந்தப் பணம் வேறு பொருளில் சிக்கியிருந்தால், கோடைச் சரக்கின் இலாபத்தை மழைச் சரக்கில் இழந்துவிடுவீர்கள். ஏர்கூலர், மின்விசிறி போன்றவை இந்தக் காரணத்தால்தான் ஒத்துவராது. இடத்தை அடைக்கும், சர்வீஸ் கேட்பார்கள், மிஞ்சினால் அடுத்த மார்ச் வரை அசையாது. டிசம்பரில் ஸ்வெட்டர் அடுக்குவதும் வேண்டாம். தாம்பரத்துக் குளிரை நம்பி அதில் ஆழமாக இறங்க முடியாது.

மார்ச் முதல் மே வரை முதல் பொருள், முன்பே சொன்ன வெயில் குடை. அதற்குப் புதிதாகப் பணம் தேவையில்லை, டிசம்பரில் மிஞ்சியதே முதல். நிறத்தில் மட்டும் கவனம்: மழைக்குக் கறுப்பும் நீலமும் ஆண்கள் எடுப்பார்கள், கோடையில் வாங்குவோரில் பெண்கள் அதிகம், வெளிர் நிறமும் பூப்போட்டதும் கேட்பார்கள். செப்டம்பரில் வாங்கும்போதே மூன்றில் ஒரு பங்கு பூப்போட்டதாக எடுத்தால் இரண்டு பருவத்துக்கும் ஆகும். கூடவே இருசக்கர வாகனத்தில் போகும் பெண்களுக்கான முழுக்கை உறை, முகம் மூடும் துணி, தொப்பி. இவை விலை குறைந்தவை, வாரத்துக்கு ஒருமுறை பாரிமுனையில் சிறு சிறு கட்டாக எடுக்கலாம். தெருவோரக் கடைக்காரர்களுக்கான ஆறடி, ஏழடிப் பெரிய குடையில் பத்து வாங்கி வைத்தால் கோடையிலும் மழையிலும் விற்கும். மிஞ்சினால் கெடாத சரக்கு அது.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பள்ளிப் பை, சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில். இங்கே உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது: பையோடு சேர்த்து மழை உறை விற்க முடியும். நாற்பது, ஐம்பது ரூபாய் உறைதான். ஆனால் பை விற்கும் கடைகள் பலவற்றில் அது இருக்காது, அதே குழந்தைக்கு அக்டோபரில் கோட் வாங்க உங்கள் கடை நினைவுக்கு வரும். பையில் ஆபத்து மாடலில் இருக்கிறது. பள்ளி திறந்து மூன்று வாரத்தில் விற்பனை அறுந்துவிடும். ஆகவே ஜூன் மூன்றாவது வாரமே மிஞ்சியதை இறக்கிவிட வேண்டும், ஆடித் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருந்தால் பணம் நேரத்துக்குத் திரும்பாது.

தார்ப்பாய் தனி ரகம். கட்டட வேலை, லாரி, வீட்டு மாடி என்று வருடம் முழுக்க மெல்ல விற்கும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் ஒரே மாலையில் தீரும். 12-க்கு 15 அடி, 15-க்கு 18 அடி போன்ற இரண்டு மூன்று அளவுகளில், கனம் குறைந்ததும் நடுத்தரமும் மட்டும் வையுங்கள். கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் கேட்டு வாங்கி, வந்ததும் ஒன்றை எடைபோட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். 12-க்கு 15 அடி என்பது ஏறக்குறைய 16.7 சதுர மீட்டர், 120 ஜிஎஸ்எம் என்றால் இரண்டு கிலோ வரவேண்டும். ஒன்றரைக் கிலோதான் இருக்கிறது என்றால் உங்களுக்குக் கொடுத்தது 90. வெளியே வெயிலில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது சில மாதங்களில் நொறுங்கும், அதை விற்பனைச் சரக்கில் சேர்க்காதீர்கள்.

கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போடும் காலம் நவம்பர் நடுவில் தொடங்கும். தோள் பையும், சுருட்டிப் பைக்குள் வைக்கும் மெல்லிய மழைப் போர்வையும் அப்போது குழுவாக வாங்குவார்கள். குருசாமிகளிடம் முன்கூட்டியே எண்ணிக்கை கேட்டு வைத்தால் இது ஆபத்தில்லாத ஆர்டர். அதேபோல நிறுவனங்களும் நகைக்கடைகளும் பெயர் அச்சிட்டுக் கொடுக்கும் குடைக்கு ஜூன், ஜூலையில் ஆர்டர் பிடிக்கலாம். பாதித் தொகை முன்பணமாக வாங்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பெயர் போட்ட குடையை வேறு யாருக்கும் விற்க முடியாது.

கடைசியாக, குடை ரிப்பேர். கம்பி, மேல்முனைத் தொப்பி, ஓரத் துணியைப் பிடிக்கும் குமிழ், பட்டன் ஸ்பிரிங் இவற்றை ஒரு டப்பாவில் வைத்து முப்பது, நாற்பது ரூபாய்க்குச் சரிசெய்து கொடுங்கள். வருமானம் சொற்பம்தான். ஆனால் எந்த மாடலில் எந்தப் பாகம் முதலில் உடைகிறது என்பது அந்த மேசையில்தான் தெரியவரும். திரும்பத் திரும்ப ஒரே மாடலின் மூன்றாவது மூட்டுக் கம்பி உடைந்து வந்தால், ஜூலையில் 725 குடைக்கு ஆர்டர் எழுதும்போது அந்த மாடலை அடித்துவிட்டு, ஃபைபர் கம்பி போட்டது 15 ரூபாய் கூடுதலானாலும் அதை எழுதுங்கள்.